பின்பக்கத்தில் எழுதியது

எங்கள் பிரிவில் அவளுக்கு எண்ணிக்கை அக்கா என்று பெயர். கத்தரிக்கோலை எண்ணுவாள், இடுக்கியை எண்ணுவாள், டீ டம்ளரை எண்ணுவாள், மாடி ஏறும்போது படியையும் எண்ணுவாள். நாங்கள் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "எண்ணாம விட்ட ஒண்ணு எங்க இருக்கும் தெரியுமா? யாரோ ஒருத்தர் வயித்துக்குள்ள இருக்கும்" என்பாள். அதற்கு மேல் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நான்கு அறைகள்தான் எங்கள் கிருமிநீக்கப் பிரிவு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தமும் சதையுமாக வரும் கருவிகள் ஒரு கதவு வழியாக உள்ளே வரும். கழுவி, காயவைத்து, எண்ணி, தட்டில் அடுக்கி, பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, வேறொரு கதவு வழியாக வெளியே அனுப்புவோம். மேலே இருப்பவர்களுக்கு டாக்டரைத் தெரியும், நர்ஸைத் தெரியும். எங்களைத் தெரியாது. ஏதாவது குறைந்தால் மட்டும் போன் அடிக்கும், அதுவும் திட்டுவதற்கு.

நானும் அக்காவும் பதினோரு வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று பொட்டலம் கட்டியவர்கள். அதனால் அவள் வீட்டுக் கதை எனக்கு அத்துப்படி. அவள் புருஷன் லாரி ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. "ம்", "வேணாம்", "போ" என்கிற மூன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார். பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அம்மா ஒருத்தி, பகலில் வந்து பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அவளுக்கு அவள் வீடு இருக்கிறது, போய்விடுவாள்.

எங்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட். காலை ஷிப்ட் வாரம் பிரச்சினை இல்லை. இரவு ஷிப்டில் அவர் தூங்கிவிடுவார். மதியம் இரண்டிலிருந்து ஒன்பது வரை இருக்கிற ஷிப்ட்தான் அவளைக் கொன்றது. ஐந்திலிருந்து ஒன்பதரை வரை அவர் தனியாகக் கட்டிலில் கிடக்க வேண்டும். கழிப்பறைக்குத் தானாகப் போக முடியாது. பாட்டில் வைத்துப் பார்த்தாள், இடது கையால் பிடிக்கத் தெரியாமல் கொட்டிக்கொண்டார். டயப்பர் போட்டுப் பார்த்தாள், கிழித்து எறிந்துவிட்டார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வாரம் முழுக்கக் காலை பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். டம்ளரை நீட்டினால் "வேணாம்" என்று தள்ளிவிடுவார். உதடு வெடித்துத் தோல் உரியும். அக்கா இதை என்னிடம் சொன்ன அன்று ஒரு தட்டை மூன்று முறை எண்ணினாள்.

போன வருஷம் எங்கள் சூப்பர்வைசர் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. நல்ல மனுஷன், இருபது வருஷமாகப் பிரிவைத் தோளில் சுமந்தவர். இதயத்தில் ஆபரேஷன், ஆறு வாரம் லீவு என்றார்கள். அவர் இடத்தை யார் பார்ப்பது என்று மேட்ரன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். "யாராவது முன்வாங்க. ஆறு வாரம்தான். பகல் ட்யூட்டி, எட்டு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும். ரெண்டு நாள்ல எழுதிக் குடுங்க."

பகல் ட்யூட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடு அக்கா" என்றேன் மேசைக்குத் திரும்பியதும்.

"எனக்கு எதுக்குடி இந்த வம்பு? அதிகாரம் பண்ணத் தெரியாது எனக்கு."

"எண்ணத் தெரியுமில்ல? அது போதும். ஆறு வாரம் மாமா வயிறாரத் தண்ணி குடிப்பாரு. அண்ணன் திரும்பி வந்தாலும் இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு. அப்புறம் அந்த நாற்காலி யாருக்கு? இப்ப பார்த்தவங்களுக்குத்தானே?"

இதைச் சொன்னது நான்தான். எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டது என் வாய்.

அன்று இடைவேளையில் அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முத்து முத்தான கையெழுத்து. முதலில் தயாராக இருப்பதை எழுதினாள். பதினெட்டு வருஷ அனுபவம். நான்கு அறைகளிலும் வேலை செய்திருக்கிறேன். காலையில் இயந்திரத்தைச் சோதித்துத் தொடங்குவது, ஆட்களைப் பிரித்துவிடுவது, தியேட்டர் பட்டியல்படி தட்டுகளைத் தயார் செய்வது, புகார் வந்தால் பதில் சொல்வது, எல்லாம் செய்கிறேன். சூப்பர்வைசர் திரும்பும் நாள்வரை பொறுப்பேற்கச் சம்மதம்.

அப்புறம் நிமிர்ந்து, "முடியாததையும் எழுதணும்" என்றாள்.

"அதை ஏன் எழுதற? வேலை கேக்கறவ யாராவது முடியாதுன்னு எழுதுவாளா?"

"எழுதலன்னா முடியும்னு ஆயிடும். அப்புறம் மாட்டிக்கறது நான்."

அவளிடம் இந்த விஷயத்தில் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. சொன்ன எண்ணும் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் அவளுக்கு. முடியாதவை நான்கு என்று விரல் மடக்கினாள். ஒன்று, நாலரைக்கு மேல் தங்க முடியாது, வீட்டில் நோயாளி. இரண்டு, என் பொட்டல மேசைக்கு வேறு ஆள் தர வேண்டும், கட்டுவதும் மேற்பார்வையும் ஒருத்தியால் முடியாது. மூன்று, லீவு கொடுப்பது, தண்டிப்பது எல்லாம் மேட்ரன் பொறுப்பு. நான்கு, உடம்புக்குள் வைத்துத் தைக்கிற தகடு, திருகாணி போன்றவற்றை, குப்பிச் சோதனை முடிவு வராமல் வெளியே விடும் கையெழுத்து நான் போட மாட்டேன். அதற்கு எனக்குப் பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை. அண்ணன் இல்லாதபோது தொற்றுத் தடுப்பு டாக்டர்தான் போட வேண்டும்.

தயாராக இருப்பதை எழுதியதிலேயே தாளின் முன்பக்கம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அடியில் மிஞ்சிய இடத்தில் நான்கையும் நெருக்கி எழுதப் போனாள்.

நான் சொன்னேன்: "முன்பக்கம் நல்லதா மட்டும் இருக்கட்டும் அக்கா. முடியாததெல்லாம் பின்பக்கம் போடு. எடுத்த எடுப்புலயே முடியாதுன்னு கண்ணுல பட்டா மேட்ரன் முகம் சுளிப்பாங்க."

யோசித்தாள். தாளைத் திருப்பி நான்கையும் பின்பக்கம் எழுதினாள். முன்பக்கத்தின் அடியில் 'மறுபக்கம் பார்க்கவும்' என்று சின்னதாக எழுதி அடிக்கோடும் போட்டாள். நான் ஏதோ பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாகப் பூரித்துப் போனேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

மேட்ரன் முன்பக்கத்தைப் படித்தார். "கையெழுத்து அழகா இருக்கே" என்றார். அடியில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி, ஃபைலில் செருகினார். அந்த முத்திரை 'மறுபக்கம் பார்க்கவும்' என்பதன் மேல் விழுந்தது. அக்கா நின்றுகொண்டே, "பின்னாடியும் இருக்கு மேடம்" என்றாள். மேட்ரன் அதற்குள் போனை எடுத்துவிட்டார். கையை ஆட்டி, சரி, சரி, போங்க என்று ஜாடை காட்டினார்.

முதல் மூன்று வாரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை. பிரிவு சத்தமில்லாமல் ஓடியது. தியேட்டரிலிருந்து திட்டு போன் பாதியாகக் குறைந்தது. நாலரைக்குக் கிளம்புவாள், ஐந்துக்கு வீட்டில் இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உதட்டில் தோல் உரியவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கையால் செம்பைத் தூக்கிக் காட்டி, மடமடவென்று குடித்து, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு, "ம்" என்றார். குழந்தை மாதிரி பெருமை. அக்கா அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான் என்றாள்.

ஆனால் மேசைக்கு ஆள் வரவில்லை. இரண்டு முறை கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் மேட்ரன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவளே கட்டினாள், அவளே ஆளைப் பிரித்தாள், அவளே போனும் எடுத்தாள்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஓர் இடுப்பு எலும்பு ஆபரேஷன். வயதான அம்மா, விழுந்து எலும்பு முறிந்து கிடக்கிறாள். எலும்பு டாக்டர் வேறு ஊர்க்காரர், புதன்கிழமை மட்டும்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். உடம்புக்குள் வைக்க வேண்டிய தகடு செட்டைக் கம்பெனிக்காரன் செவ்வாய் காலையில்தான் கொண்டுவந்து போட்டான். கழுவி, எண்ணி, கட்டி, இயந்திரத்தில் ஏற்றி இறக்கியபோது மூன்றேகால்.

இந்த இடத்தில் குப்பிச் சோதனையை விளக்கிவிடுகிறேன். இயந்திரத்துக்குள் பொட்டலங்களோடு ஒரு சின்னக் குப்பியையும் வைப்போம். அதற்குள் லேசில் சாகாத ஜாதிக் கிருமி இருக்கும். வெளியே எடுத்து, ஆறியதும், குப்பியை நசுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி உடைந்து ஊதா நிறத் தண்ணீர் கிருமியோடு கலக்கும். இருபத்து நாலு மணி நேரம் இளஞ்சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்துவிட்டது, மஞ்சளானால் பிழைத்துவிட்டது. கூடவே இயந்திரத்தில் ஏற்றாத ஜோடிக் குப்பி ஒன்றையும் நசுக்கி வைப்போம். அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும். அது மஞ்சளானால்தான் குப்பியிலும் பெட்டியிலும் கோளாறு இல்லை என்று அர்த்தம். அது மஞ்சளாகாவிட்டால் மற்றது ஊதாவாக இருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

அன்று மூன்றரைக்கு அக்கா ஒரு குப்பியை நசுக்கிப் பெட்டியில் வைத்தாள். இரண்டாவதைக் கையில் எடுத்தாள். போன் அடித்தது. தியேட்டரில் கத்தரிக்கோல் ஒன்று குறைகிறதாம். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "பன்னெண்டு குடுத்திருக்கேன் சிஸ்டர், துணிக்கு அடியில பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் பெட்டியில் செருகினாள். எதிரே கட்டிக்கொண்டிருந்த என் கண் முன்னால் நடந்தது. நானும் கவனிக்கவில்லை. கத்தரிக்கோல் துணிக்கு அடியில்தான் இருந்தது.

புதன்கிழமை மூன்றரைக்குப் பெட்டியைத் திறந்தாள். இரண்டும் ஊதா. ஜோடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கண்ணாடி உடையாமல் முழுசாக இருந்தது.

அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"நசுக்காம வெச்சுட்டேன்டி."

எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், மறைக்கப் போவதில்லை. "யாருக்குத் தெரியும்? மஞ்சள்னு எழுதிட்டு அனுப்பிடு. சூடு அச்சான இயந்திரச் சீட்டு சரியாத்தான் இருக்கு, ஆவி பட்டுப் பொட்டலத்துக் காகிதமும் கறுத்திருக்கு. செட்டு சுத்தமாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றாள் அவள். "இருக்குன்னு சொல்ல முடியலையே." ஜோடிக் குப்பியை அப்போதே நசுக்கி, இரண்டையும் திரும்பப் பெட்டியில் வைத்தாள். நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினாள், நசுக்கத் தவறியது நான் என்று தன் பெயரோடு. பிறகு தியேட்டருக்குப் போன் செய்தாள்.

ஐந்தே நிமிஷத்தில் எலும்பு டாக்டரும் மேட்ரனும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் கீழே இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"பேஷன்ட் காலையிலேர்ந்து பட்டினி. டேபிள் ரெடி. என்ன பிரச்சினை?" என்றார் டாக்டர்.

அக்கா சொன்னாள். நடுங்காமல் சொன்னாள்.

"சீட்டு சரி, காகிதம் சரி, குப்பி ஊதா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"ஜோடிக் குப்பி பேசல டாக்டர். அது பேசாம இது பேசறதை நம்ப முடியாது."

டாக்டர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்தது, அதை நான் பார்த்தேன். "சரி. அவசரத்துக்கு முன்கூட்டியே விடறதுக்கு ஒரு படிவம் உண்டில்ல? காரணம் எழுதி, நான் ஒரு கையெழுத்து, இந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவங்க ஒரு கையெழுத்து. நான் போடறேன். நீங்க போடுங்க."

"அந்தக் கையெழுத்து நான் போட முடியாது டாக்டர். தொற்றுத் தடுப்பு டாக்டர் போடணும்."

அந்த டாக்டர் இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். மேட்ரன் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் போன் அணைந்திருந்தது.

"ஏம்மா, நீங்கதானே இப்ப பொறுப்பு? பொறுப்பு வேணும்னு எழுதிக் குடுத்துட்டு, கையெழுத்து போட மாட்டேன்னா எப்படி?" என்றார் மேட்ரன்.

"அதுவும் எழுதிக் குடுத்திருக்கேன் மேடம். பின்பக்கத்துல."

"எந்தப் பின்பக்கம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன், பின்பக்கம் என் யோசனை. இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

அப்போதுதான் எங்கள் பிரிவில் வேலை செய்யும் ரைட்டு முன்னால் வந்தான். எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்று தலையாட்டுவதால் அந்தப் பெயர். முப்பது வயது, நல்ல பையன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். "நான் போடறேன் மேடம். ஒரு கையெழுத்துதானே?" என்றான்.

"உன் கையெழுத்து செல்லாதுப்பா" என்றாள் அக்கா.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பொறுப்புல இருக்கறவங்களே நம்பலன்னா நான் எப்படி உள்ள வைக்கறது? கேஸைத் தள்ளிப் போடுங்க. அடுத்த புதன்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். மேட்ரன் அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வாங்கி வந்த சாமான் உடைந்திருந்தால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

மணி நாலு நாற்பது. அக்கா கைப்பையை எடுத்தாள், வராந்தாவரை நானும் கூடப் போனேன். வெளியே போகும் வழியில் அந்த நோயாளியின் மகன் வராந்தாவில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஏன் சார் தள்ளிப் போட்டாங்க? ஏன் சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா அவன் முன்னால் நின்றாள். "என் தப்புதான் தம்பி. ஒரு சோதனையைச் சரியாப் பண்ணல" என்றாள். அவன் அவளை அடிப்பான் என்று பயந்தேன். அவன் அழுதான். அடித்திருந்தால் தேவலை என்றாள் பிற்பாடு.

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட்தான் என்றாலும் காலையிலேயே போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஜோடிக் குப்பி நேரம் முடியும் முன்னாலேயே எலுமிச்சம்பழ மஞ்சள். மற்றது அப்படியே ஊதா. செட் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்தே. அக்கா வந்து பார்த்தாள். "நல்லவேளை" என்றாள். அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் எதையும் எண்ணாமல் இருந்தாள்.

அடுத்த புதன்கிழமை வந்தது. டாக்டர் வந்தார், செட் தயாராக இருந்தது, ஆனால் படுத்தே கிடந்த அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அப்புறம் என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விதிப்படி சரி. மனசாட்சிப்படியும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சரியாகச் செய்ததில் யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று விரல் மடக்கினால் ஒரு விரல்கூட மடங்கவில்லை.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் வெள்ளிக்கிழமை மேட்ரன் அக்காவைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போய் வாசலில் நின்றேன். ஃபைலில் இருந்த தாள் இப்போது திருப்பி வைக்கப்பட்டிருந்தது, பின்பக்கம் மேலே தெரிந்தது.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நேர்மையா எழுதியிருக்கீங்க. இப்பதான் படிச்சேன்" என்றார் மேட்ரன். "நாலரைக்கு மேல முடியாது. ரெண்டு வேலை முடியாது. கையெழுத்து முடியாது. நீங்களே எழுதியிருக்கீங்க. இவ்வளவு முடியாதவங்களை நான் எப்படி அந்த இடத்துல வெச்சிருக்கறது?"

"மேசைக்கு ஆள் குடுத்திருந்தா அந்தக் குப்பியை நசுக்காம விட்டிருக்க மாட்டேன் மேடம்."

"தப்பு உங்களோடதுன்னு நோட்டுல நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா மேடம். நான்தான்."

"அப்ப திங்கள்லேர்ந்து பழைய ஷிப்டுக்குப் போங்க. ரைட்டு பார்த்துக்கட்டும்."

மேட்ரன் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே நாலு பேர் இருக்கிறார்கள், ஆபரேஷன் ஏன் தள்ளிப்போனது என்று கேட்டு நச்சரித்தவர்கள். யாராவது ஒருத்தரைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு வசதியாக, ஒருத்தி தானே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள்.

அதே வாரம் சூப்பர்வைசர் அண்ணன் வீட்டிலிருந்து தகவல் வந்தது. இனி வேலைக்கு வர மாட்டார், உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஓய்வு கேட்டிருக்கிறார் என்று. ஆறு வாரப் பொறுப்பு இனி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே நிரந்தரமாகும் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து என்று நான் போட்ட கணக்கு ஒரு மாதத்திலேயே வந்துவிட்டது, வேறொருவன் வாசலுக்கு.

சனிக்கிழமை மதியம் ரைட்டு எங்கள் மேசைக்கு வந்தான். கையில் ஒரு தாள். சங்கடத்தோடு நெளிந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் எழுதிக் குடுக்கணுமாம். எனக்கு எழுத வராது. மேட்ரன்தான் இதை மாதிரி பார்த்து எழுதுன்னு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க."

அக்காவின் கடிதம்தான். முத்து முத்தான எழுத்து, அடியில் முத்திரை. நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும், நீங்களே என் பேர்ல எழுதிக் குடுத்துடறீங்களா அக்கா?" என்றான்.

நான் அவனைக் கடித்துக் குதறியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அக்கா என் கையை அழுத்தினாள். தாளை வாங்கி, உட்கார்ந்து, அவனுக்காக முன்பக்கம் முழுவதையும் எழுதினாள், வருஷங்களை மட்டும் மாற்றி. முடித்ததும் கேட்டாள்:

"முடியாதது ஏதாவது இருக்காப்பா உனக்கு? சொல்லு, பின்னாடி எழுதறேன்."

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன்.

"அந்தக் கையெழுத்து?"

"கேட்டா போட்டுடுவேன். ரைட்டு."

அவள் பேனாவை மூடினாள். சொல்லித் தர நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. மூன்றரை மணி, இயந்திரம் இறக்க வேண்டும். "குப்பி ரெண்டையும் நசுக்கு, மறக்காதே" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அவளுக்கு மதிய ஷிப்ட். எனக்கு லீவு. காலையில் அவள் வீட்டுக்குப் போனேன், என்னவோ மனசு கேட்கவில்லை. அக்கா தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை மாறியதைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று வாசலிலேயே என்னிடம் முணுமுணுத்திருந்தாள். மணி ஒன்பதேமுக்கால். அவர் அவளைப் பார்த்தார். இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள் வீட்டுப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோரம் மாட்டியிருந்த அவளுடைய கைப்பையைப் பார்த்தார்.

"குடிங்க" என்றாள் அக்கா. "பத்துக்கு இன்னும் கால் மணி இருக்கு."

அவர் செம்பை வாங்கிக்கொண்டார். ஒரு மிடறு குடித்தார். பிறகு இடது கையால் மெல்ல, ஒரு சொட்டும் சிந்தாமல், அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்."